ஊர் மாறுதல் கேட்டு ஒரு கடிதம்

இடமாறுதல் கோரும் கடிதம், வேலையை விடாமல் ஊரை மட்டும் மாற்றித் தரும்படி ஊழியர் தம் நிறுவனத்திடம் வைக்கும் வேண்டுகோள். பிள்ளையின் படிப்பு, துணைவரின் வேலை, பெற்றோரின் நோய் என்று காரணம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. முடிவெடுப்பவரோ அந்த வீட்டை ஒருபோதும் பார்த்திராதவர். ஒரு குடும்பத்தின் நெருக்கடியை அலுவலகக் கோப்பில் ஒரு பக்கத்துக்குள் புரியவைக்க வேண்டியிருப்பதால்தான் இந்தக் கடிதம் எழுதக் கடினமாக இருக்கிறது. ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பொதுத்துறை வங்கிகளில் ஆண்டுதோறும் இத்தகைய கடிதங்கள் குவிகின்றன. அவற்றில் ஒன்று எப்படி அமைய வேண்டும் என்பதை அங்கிருந்தே பார்ப்பது வசதி.

தேசிய வங்கிகளின் அலுவலர்களுக்கு 1979ஆம் ஆண்டுப் பணி ஒழுங்குமுறைகள் பொருந்தும். அதன் 47ஆவது விதி, ஓர் அலுவலரை இந்தியாவின் எந்த இடத்திலுள்ள கிளைக்கும் அலுவலகத்துக்கும் மாற்றலாம் என்கிறது. வேலையில் சேரும்போதே கையெழுத்திட்டு ஏற்ற நிபந்தனை அது. எழுத்தர்கள் மாநில வாரியாகத் தேர்வாகிறவர்கள். ஆகவே அவர்களின் இடமாறுதல் பொதுவாக மாநிலத்துக்குள் நடக்கும். அவர்களே விரும்பி மாநிலம் தாண்டிப் போனால், பல வங்கிகளில் பணிமூப்பை இழந்து புதிய இடத்தின் பட்டியலில் கடைசியில் நிற்க வேண்டிவரும். அஞ்சல் துறையில் இதற்கு ‘ரூல் 38’ என்றே பெயர். அந்த விதியின்கீழ் சொந்த ஊருக்குப் போனவர், அங்கே தமக்குப் பின் வேலைக்குச் சேர்ந்தவருக்கும் கீழே பட்டியலில் இருப்பதுண்டு.

குடும்பக் காரணத்துக்காக இடமாறுதல் பெறுவது உரிமையா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சண்டிகரில் எழுத்தராக இருந்த ஒருவர், பாங்க் ஆஃப் இந்தியாவில் அலுவலராகப் பதவி உயர்வு பெற்று, அன்றைய பிகாரின் கிரிடிக்கு அனுப்பப்பட்டார். மனைவி சண்டிகரில் வேலை பார்த்ததால் தமக்கும் அங்கேயே பணியிடம் வேண்டும் என்று கேட்டார். கணவனும் மனைவியும் இயன்றவரை ஓரூரில் இருப்பது விரும்பத்தக்கது, ஆனால் அதை உரிமையாகக் கேட்க முடியாது என்று நீதிமன்றம் தீர்த்தது. எங்கும் அனுப்பப்படலாம் என்று தெரிந்தே ஏற்ற வேலை என்பதை அது சுட்டிக்காட்டியது. 1992இல் சட்டத் தொகுப்புகளில் வெளியான அந்தத் தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2022 மார்ச்சில், மத்திய மறைமுக வரித் துறை ஊழியர்களின் வழக்கில் அதே நீதிமன்றம் இன்னொரு பக்கத்தையும் சொன்னது. இடமாறுதல் உரிமை இல்லைதான். ஆனால் குடும்ப வாழ்க்கை மனித கண்ணியத்தின் ஒரு பகுதி என்பதால், கொள்கை வகுக்கும் அரசு அதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும் என்றது.

இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்து வாசித்தால் கடிதம் எழுதுபவரின் நிலை தெளிவாகும். கொடுத்தே ஆகவேண்டும் என்று அவர் கேட்க முடியாது. பரிசீலிக்க வேண்டும் என்று கேட்கலாம். அந்தப் பரிசீலனைக்குச் சில வழிகாட்டுதல்கள் துணை நிற்கின்றன. திருமணமான பெண் ஊழியரைக் கணவர் இருக்கும் ஊரிலோ அதற்கு இயன்றவரை அருகிலோ, திருமணமாகாதவரைப் பெற்றோர் இருக்கும் ஊருக்கு அருகிலோ பணியமர்த்தும்படி 2014 ஆகஸ்டில் மத்திய நிதிச் சேவைகள் துறை பொதுத்துறை வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. 2024 நவம்பரில், இடமாறுதல் முறையை வெளிப்படையாக்கி, விரும்பும் இடத்தை ஊழியர் பதிவு செய்ய இணைய வசதி செய்துதரும்படியும் அது அறிவுறுத்தியது. மத்திய அரசு ஊழியர்களைப் பொறுத்தவரை, சட்டம் வரையறுத்த மாற்றுத்திறன் உள்ள குடும்பத்தாரைப் பராமரிப்பவருக்கு வழக்கமான சுழற்சி இடமாறுதலிலிருந்து விலக்கு தரும் 2018ஆம் ஆண்டு ஆணை இருக்கிறது. தமக்கு இவற்றில் ஏதேனும் பொருந்தினால், கடிதத்தின் ‘பார்வை’ வரியில் அதன் நாளைக் குறிப்பிடுவது பாதி வேலையை முடித்துவிடும். சிரமமெல்லாம் எதுவுமே பொருந்தாதவருக்குத்தான்.

அப்படி ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஓசூரில் ஒரு வங்கிக் கிளையின் கடன் பிரிவு மேலாளர். தாயார் திருநெல்வேலியில். இடையே ஏறத்தாழ 550 கிலோமீட்டர். தாயாருக்குச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் நடக்கிறது. இவர் ஆண் என்பதால் 2014 வழிகாட்டுதல் இவருக்கு உதவாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் உள்ள 21 வகைகளில் சிறுநீரகச் செயலிழப்பு இல்லாததால், பராமரிப்பாளர் என்ற வாதத்தையும் அதன் வழியாக வைக்க முடியாது. மேலிடத்தின் விருப்புரிமையை மட்டும் நம்பி இவர் எழுத வேண்டும். இப்படிப்பட்டவருக்கு அவருடைய கடிதம்தான் முழு வழக்கும்.

கடிதம் எந்தக் கைகளுக்குப் போகிறது என்று தெரிந்தால் எதை எழுதுவது என்பது தானாகத் தெரியும். முதலில் கிளை மேலாளர். கடிதத்தை மேலே அனுப்பும்போது அவர் தம் பரிந்துரையை ஓரிரு வரியில் எழுதுவார். அடுத்து மண்டல அலுவலகத்தின் மனிதவளப் பிரிவு. ஒரே மண்டலத்துக்குள் மாற்றுவதானால் முடிவு பெரும்பாலும் அங்கேயே ஆகிவிடும். ஓசூரும் திருநெல்வேலியும் வெவ்வேறு மண்டலங்கள் என்பதால், கோப்பு அதற்கும் மேலே உள்ள அலுவலகத்துக்குப் போகும். அங்கே இருப்பவர் இவரை அறியாதவர். அவர் மேசையில் இதுபோல நூறு கடிதங்கள் இருக்கலாம். அவருக்காக ஓர் உதவி அலுவலர் ஒவ்வொன்றையும் நாலைந்து வரியில் சுருக்கிக் குறிப்பு எழுதுவார். முடிவெடுப்பவர் படிப்பது பெரும்பாலும் அந்தக் குறிப்பைத்தான். ஆகவே கடிதத்திலிருந்து அந்தச் சுருக்கத்தை எளிதாக எடுக்க முடிய வேண்டும். தேட வைத்தால் முக்கியமானதே விடுபட்டுப் போகும்.

குறிப்பு எழுதுபவர் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுவார். இந்த ஊழியரே போனால்தான் தீருமா? போனால் இப்போதுள்ள கிளை என்ன ஆகும்? போகிற கிளைக்கு வேலை செய்யும் ஆள் கிடைப்பாரா, அல்லது விடுப்பு எடுத்துக்கொண்டே இருக்கும் ஆளா? மூன்றாவது கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் குடும்பக் காரணம் சொல்லி வரும் எல்லாக் கோரிக்கைகளின் மேலும் அந்த ஐயம் படிந்திருக்கும். கடிதங்களின் இறுதியில் சம்பிரதாயமாக இடம்பெறும் ‘தொடர்ந்து அர்ப்பணிப்புடன் பணியாற்றுவேன்’ என்ற வரி அந்த ஐயத்தைப் போக்குவதில்லை. எல்லாக் கடிதத்திலும் அதே வரி இருப்பதால் கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

வங்கிக்குள் இக்கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். உள்ளடக்கம் தெரிவதற்காக ஓசூர் மேலாளரின் கடிதத்தை இங்கே தமிழில் பார்க்கலாம். அனுப்புநர் பகுதியில் பெயரோடு ஊழியர் எண், பதவி, கிளைக் குறியீட்டு எண் மூன்றும் இருக்க வேண்டும். பெறுநர் உரிய அலுவலகத்தின் மனிதவளப் பிரிவுத் தலைவர். அதன் கீழே ‘வழி: கிளை மேலாளர், ஓசூர்’ என்ற வரி அவசியம். கிளை மேலாளரைத் தாண்டி நேரே மேலே அனுப்பிய கடிதம், அவர் கருத்துக் கேட்டு அவரிடமே திரும்பி வரும். அப்போது அவர் எழுதும் பரிந்துரையில் உற்சாகம் இருக்காது. பொருள் வரி இப்படி அமையலாம்:

“பொருள்: தாயாரின் தொடர் டயாலிசிஸ் சிகிச்சை – திருநெல்வேலி மண்டலத்துக்கு இடமாறுதல் வேண்டுதல் – தொடர்பாக.”

காரணம், இடம், வேண்டுகோள் மூன்றும் ஒரே வரியில் வந்துவிட்டன. ‘இடமாறுதல் கோருதல்’ என்று மட்டும் எழுதினால் இது நூறில் ஒன்றாகிவிடும். முதல் பத்தியும் இதே வேகத்தில் போக வேண்டும்:

“ஓசூர் கிளையில் 2022 ஜூன் 13 முதல் கடன் பிரிவு மேலாளராகப் பணிபுரிந்து வருகிறேன். திருநெல்வேலியில் வசிக்கும் என் தாயாருக்குச் சிறுநீரகம் செயலிழந்து, 2025 ஏப்ரல் முதல் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடந்து வருகிறது. வரும் பொது இடமாறுதலின்போது என்னைத் திருநெல்வேலி மண்டலக் கிளை ஒன்றுக்கு மாற்றித் தருமாறு வேண்டுகிறேன்.”

ஓசூருக்கு வந்த நாளைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு கிளையில் குறிப்பிட்ட காலம் முடித்தவரின் கோரிக்கையையே எடுத்துக்கொள்வது பல வங்கிகளின் வழக்கம். அந்தக் காலத்தை இவர் கடந்துவிட்டார் என்பது நாளைப் பார்த்ததும் தெரிந்துவிடும். இதற்கு முன் தாம் வேலை பார்த்த ஊர்களையும் வாங்கிய பாராட்டுகளையும் இந்த இடத்தில் வரிசைப்படுத்துகிறவர்கள் உண்டு. அவையெல்லாம் பணிப்பதிவேட்டில் இருக்கின்றன. படிப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது என்ன வேண்டும் என்பதுதான்.

அடுத்த பத்தியில்தான் கடிதம் நிற்கும் அல்லது விழும்:

“தாயாருக்கு வயது 67. தந்தையார் 2019இல் காலமாகிவிட்டார். நான் ஒரே மகன். செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை சிகிச்சை நடக்கிறது. முடிந்ததும் இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றல் வருவதால் அவரால் தனியே வீடு திரும்ப முடியாது. இதுவரை உள்ளூரில் இருக்கும் என் தங்கை அழைத்து வந்தார். வரும் மே மாதம் அவருக்குப் பிரசவம். மாலையில் கொண்டுபோய்ச் சேர்க்க உறவினர் ஒருவர் இருக்கிறார். இரவு 10 மணிக்கு அழைத்து வரவும், அன்றிரவு உடனிருக்கவும் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

“கடந்த ஆகஸ்டில் தாயாரை ஓசூருக்கு அழைத்து வந்து பார்த்தேன். இங்கே பகல் 12 மணி முதல் 4 மணி வரைதான் சிகிச்சைக்கு இடம் கிடைத்தது. மூன்று வாரங்களில் ஒன்பது நாள் விடுப்பு எடுக்க வேண்டியதாயிற்று. கிளையின் வேலை பாதிக்கப்பட்டதால் அவரைத் திரும்ப அழைத்துச் சென்றேன்.”

இந்த இரண்டு பத்திகளிலும் ‘மிகுந்த மன உளைச்சல்’, ‘சொல்லொணாத் துயரம்’ போன்ற சொற்கள் இல்லை. இரவு 10 மணி என்பதும் தலைசுற்றல் என்பதும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. டயாலிசிஸ் வழக்கமாக வாரம் மூன்று முறை, முறைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் நடப்பது. ஒரு முறை தவறினாலும் உடலில் நீரும் பொட்டாசியமும் தேங்கிவிடும் என்பதால், ‘இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ள முடியாது. படிப்பவருக்கு அந்த மருத்துவம் தெரியாமல் இருக்கலாம். கிழமையும் மணியும் கண்ணில் பட்டதும் நிலைமை புரிந்துவிடும்.

தாயை ஓசூருக்கே அழைத்து வந்தால் என்ன என்பதுதான் இத்தகைய கடிதத்தைப் படிக்கும் எவருக்கும் முதலில் தோன்றும் கேள்வி. பெரும்பாலான கடிதங்கள் அதற்கு விடை சொல்லாமல் போய்விடுகின்றன. கேள்வி கேட்கப்படும் இடத்தில் எழுதியவர் இருக்கமாட்டார். ஆகவே விடை கடிதத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும். இவர் முயன்று பார்த்தார், நடக்கவில்லை, எத்தனை நாள் விடுப்பானது என்பதையும் சொல்லிவிட்டார். ‘ஏன் இப்போது’ என்பதற்கும் தங்கையின் பிரசவம் விடையாகிறது. சிகிச்சை ஏப்ரலிலேயே தொடங்கியும் ஜனவரி வரை கேட்காததற்குக் காரணம், அதுவரை வீட்டிலேயே சமாளித்தார்கள் என்பது. இது கடிதத்துக்கு வலுவே சேர்க்கிறது.

மறைமுகக் கேள்விக்கும் இங்கே பதில் இருக்கிறது. இவர் தேவைப்படுவது இரவு 10 மணிக்கு. வங்கி நேரத்தில் இவர் எங்கும் போக வேண்டியதில்லை. மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் 2015 செப்டம்பர் முதல் வங்கிகளுக்கு விடுமுறை. மற்றச் சனிக்கிழமைகளிலும் வேலை முடித்துப் போனால் போதும். இதைத் தனியாக எடுத்துச் சொல்வதும் நல்லதுதான்: “கடந்த ஒன்பது மாதங்களில் இதற்காக ஓசூரிலிருந்து ஊர் போய்வர 22 நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன். அங்கே மாறினால் இந்த விடுப்புத் தேவைப்படாது.” தம் விடுப்புக் கணக்கைத் தாமே எடுத்து வைப்பதற்குச் சிலர் தயங்குவார்கள். வங்கியின் பதிவேட்டில் அது ஏற்கெனவே இருக்கிறது. எழுதியவரே சொல்லும்போது அது குற்றச்சாட்டாக இல்லாமல் காரணமாகிறது.

ஒரே காரணத்தைச் சொல்வது இங்கே முக்கியம். இதே மேலாளரின் மகள் ஓசூரில் படிக்கிறாள் என்றும், ஊருக்குப் போனால் அவளைத் தாத்தா படித்த பள்ளியிலேயே சேர்க்கலாம் என்றும் இருக்கலாம். ஊரில் வீடு கட்டும் வேலையும் பாதியில் நிற்கலாம். உண்மையாகவே இருந்தாலும் அவற்றைச் சேர்த்தால் டயாலிசிஸ் நான்கில் ஒன்றாகச் சுருங்கிவிடும். வீட்டு வேலை என்ற ஒரு சொல் முழுக் கடிதத்தின் மீதும் ஐயத்தைக் கிளப்பிவிடும்.

அடுத்து அர்ப்பணிப்பு. அந்தச் சொல்லைப் பயன்படுத்தாமலேயே அதைக் காட்ட முடியும். கையில் இருக்கும் வேலையைப் பற்றிப் பேசினால் போதும்:

“என் பொறுப்பில் 64 சிறுதொழில் கடன் கணக்குகள் உள்ளன. இவற்றில் 11 கணக்குகளை மார்ச் 31க்குள் புதுப்பிக்க வேண்டும். அவற்றை நானே முடித்துக் கொடுப்பேன். தவணை தவறிய நான்கு கணக்குகளில் இரண்டில் வசூல் தொடங்கியிருக்கிறது. மற்ற இரண்டின் நிலையைத் தனிக்குறிப்பாக எழுதியிருக்கிறேன். எனக்கு அடுத்த நிலையில் உள்ள அலுவலரைப் பிப்ரவரி முதல் இந்தத் தொழிற்கூடங்களுக்கு அழைத்துச் சென்று அறிமுகப்படுத்துவேன். ஆண்டுக் கணக்கு முடிவதற்கு முன் விடுவிக்கும்படி நான் கேட்கவில்லை.”

ஓசூர் சிறுதொழில் நிறைந்த ஊர். அங்கே கடன் பிரிவில் இருப்பவருக்கு எந்தப் பட்டறைக்கு எந்த மாதத்தில் பணம் வரும், யார் சொன்னால் சொன்ன நாளில் கட்டுவார் என்பதெல்லாம் மனக்கணக்காக இருக்கும். அவர் போகும்போது அந்த அறிவும் போய்விடும் என்பதுதான் கிளை மேலாளரின் கவலை. தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் கடன் வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். ஆள் மாறும் இடைவெளியில் கவனிப்பாரற்று இந்த 90 நாள் ஓடிவிடக் கூடும். மேலே உள்ள பத்தி அந்தக் கவலையை நேரடியாகத் தொடுகிறது. கிளை மேலாளர் ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்று எழுதத் துணிவது இந்தப் பத்தியைப் படித்த பிறகுதான். அவரிடம் கடிதத்தைக் கொடுப்பதற்கு முன்பே இதை நேரில் பேசி, அவர் சொல்வதையும் சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது.

வேண்டுகோளைச் சொல்லும் பத்தியில் நெகிழ்ச்சி தெரிய வேண்டும்:

“நகரக் கிளைதான் வேண்டும் என்று கேட்கவில்லை. பாளையங்கோட்டை, சேரன்மகாதேவி, நாங்குநேரி, அம்பாசமுத்திரம் என நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்குள் உள்ள எந்தக் கிளையும், கிராமக் கிளை உட்பட, எனக்கு ஏற்புடையது. கடன் பிரிவு அல்லாத பொறுப்பையும் ஏற்பேன். நிரந்தர இடமாறுதலுக்கு இப்போது இடம் இல்லையெனில், ஆறு மாதத் தற்காலிகப் பணியமர்த்தலைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். சொந்தக் கோரிக்கை இடமாறுதலுக்கான வங்கி விதிகளை ஏற்கிறேன்.”

40 கிலோமீட்டர் என்ற எல்லைக்கும் காரணத்துக்கும் நேர் தொடர்பு உண்டு. அம்பாசமுத்திரத்தில் வேலை முடித்துக் கிளம்பினாலும் இரவு 10 மணிக்குள் நெல்லை வந்துவிடலாம். ஒரே கிளையின் பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தால், அங்கே காலியிடம் இல்லை என்ற ஒற்றை வரியோடு கோப்பு மூடப்பட்டிருக்கும். ஒரு மண்டலத்தில் பல கிளைகளுக்கு இசைந்தால், எங்கேனும் ஒரு நாற்காலி காலியாகும்போது பெயர் நினைவுக்கு வரும். இடமாறுதல் என்பது அன்பளிப்பாக வருவதில்லை. இரு பக்கமும் ஆட்கணக்குச் சரியாக வேண்டும். திருநெல்வேலியிலிருந்து ஓசூர்ப் பக்கம் வர விரும்புகிற, அதே நிலையில் உள்ள ஒருவரைத் தாமே கண்டுபிடித்தால், இருவரும் பரஸ்பர இடமாறுதல் கேட்கலாம். அது விரைவில் நடக்கும்.

கடைசி வரியில் வரும் ‘விதிகளை ஏற்கிறேன்’ என்பதன் பொருளைத் தெரிந்தே எழுத வேண்டும். நிர்வாகம் தானாக மாற்றினால் குடும்பத்தோடு சாமான் ஏற்றிப் போகும் செலவை அது தரும். ஊழியர் கேட்டு வாங்கும் மாறுதலுக்குப் பெரும்பாலும் அந்தப் படி கிடையாது. ஓசூரிலிருந்து நெல்லைக்கு லாரி வாடகை அவர் கையிலிருந்துதான் போகும். எழுத்தராக இருந்தால் பணிமூப்பும் கணக்கில் வரும். இதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருப்பது, பின்னால் கடிதம் எழுதிக் கேட்டு உறுதிப்படுத்தும் ஒரு சுற்றை மிச்சப்படுத்தும்.

இணைப்பாகச் சிறுநீரக மருத்துவரின் சான்று ஒன்று போதும். நோயின் பெயர், சிகிச்சை தொடங்கிய நாள், வாரத்தில் எத்தனை முறை, எந்த நேரம், துணை ஏன் தேவை என்பவை அதில் இருக்க வேண்டும். இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் ஸ்கேன் படங்களையும் கட்டாகச் சேர்ப்பதில் பயனில்லை. தாயின் உடல்நிலை பற்றிய தாள்கள் பல மேசைகளைக் கடந்து போகும் என்பதையும் நினைக்க வேண்டும். முடிவுக்குத் தேவையானதற்கு மேல் ஒன்றும் போகக் கூடாது. தாயார் வங்கிப் பதிவில் தம்மைச் சார்ந்தவராக இருக்கிறாரா, முகவரி சரியாக இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுவது நல்லது. கடிதத்தில் ‘என்னைச் சார்ந்த தாயார்’ என்றிருந்து பதிவேட்டில் அவர் பெயரே இல்லாவிட்டால், கோப்பு விளக்கம் கேட்டுத் திரும்பி வரும். அதற்குள் பட்டியல் முடிந்துவிடும்.

பட்டியலுக்கு ஒரு காலம் இருக்கிறது. வங்கிகளின் பொது இடமாறுதல் நிதியாண்டு முடிந்தபின், ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மாதங்களில் நடப்பது வழக்கம். பள்ளிகளும் ஜூனில்தான் திறக்கின்றன. ஆகவே ஜனவரியில் கடிதம் கொடுப்பது பொருத்தமான நேரம். மே மாதம் கொடுத்தால் ஆணைகள் தயாராகியிருக்கும். இணையப் பதிவு வசதி உள்ள வங்கியில் கடிதத்தோடு அந்தப் பதிவையும் செய்தாக வேண்டும். பட்டியல் தயாரிப்பவர் பதிவிலிருந்துதான் பெயர்களை எடுப்பார். ஒரு ஆண்டுக் கோரிக்கை அந்த ஆண்டோடு காலாவதியாகும் வங்கிகளில், கிடைக்காதவர் மறுபடி பதிய வேண்டும்.

நல்ல காரணம் இருந்தும் கோரிக்கைகள் கெட்டுப்போவதற்குச் சில வழிகள் உண்டு. இப்போதுள்ள கிளையைப் பற்றிய குறையைச் சேர்ப்பது அவற்றில் பொதுவானது. மேலாளர் கடிந்து பேசுகிறார், வேலைச் சுமை அதிகம் என்று ஒரு வரி எழுதினால், தாயின் நோய் சாக்குப்போக்காகத் தெரியத் தொடங்கும். அந்தக் குறை உண்மையானால் அதற்குத் தனியான புகார் முறை இருக்கிறது. ‘கிடைக்காவிட்டால் ராஜினாமா செய்ய நேரிடும்’ என்பது இன்னொன்று. எழுதுபவர் இயலாமையைச் சொல்வதாக நினைப்பார். படிப்பவர் அதை மிரட்டலாகவோ, போகத் தயாராகிவிட்டவரின் பேச்சாகவோ எடுத்துக்கொள்வார். எல்லாவற்றையும்விடத் தீங்கானது சிபாரிசு. சட்டமன்ற உறுப்பினரிடமோ அமைச்சர் அலுவலகத்திலோ ஒரு கடிதம் வாங்கிச் சேர்ப்பது பல குடும்பங்களில் இயல்பான யோசனையாக எழும். வங்கி அலுவலர்களின் 1976ஆம் ஆண்டு நடத்தை ஒழுங்குமுறைகள் மேலிடத்தின் மீது அரசியல் அல்லது வெளியார் செல்வாக்கைச் செலுத்துவதைத் தடை செய்கின்றன. உதவும் என்று சேர்த்த தாளே ஒழுங்கு நடவடிக்கைக்குச் சான்றாக நிற்கும்.

கடிதம் கொடுத்ததும் நாளிட்ட ஒப்புகையுடன் ஒரு நகல் கையில் இருக்க வேண்டும். கிளை மேலாளர் மேலே அனுப்பிய நாளையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். நான்கைந்து வாரங்களுக்குப் பிறகு, முந்தைய கடிதத்தின் நாளைப் பார்வையில் காட்டி, இரண்டு வரியில் நினைவூட்டலாம். இடையில் நிலைமை மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். தங்கைக்குக் குறைப்பிரசவம் ஆகிவிட்டால் அவசரம் கூடுகிறது. தாயாருக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைத்து டயாலிசிஸ் நின்றுவிட்டால் காரணமே மாறுகிறது. பின்னதைச் சொல்லாமல் விட்டு ஆணை பெறுவது பொய்க் காரணம் சொன்னதற்கு ஒப்பாகும்.

மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம். காலியிடம் இல்லை என்றால் கோரிக்கையை நிலுவையில் வைக்கும்படியும், தற்காலிகப் பணியமர்த்தலைத் தனியே பரிசீலிக்கும்படியும் வேண்டலாம். வங்கியின் குறைதீர்க்கும் அமைப்பிடம் போகலாம். தொழிற்சங்கமோ அலுவலர் சங்கமோ இத்தகைய கோரிக்கைகளை நிர்வாகத்திடம் எடுத்துப் பேசுவதும் வழக்கம். நீதிமன்றம் இதில் கடைசிப் படி. மேலே சொன்ன தீர்ப்புகளின்படி, கொள்கையைப் பின்பற்றிப் பரிசீலிக்கும்படி உத்தரவு பெறுவதுதான் பெரும்பாலும் அங்கே கிடைக்கக்கூடியது.

ஆணை வந்துவிட்டால், விடுவிக்கும் நாள் வரை வேலை பழைய கிளையில்தான். கடிதத்தில் எழுதிய ஒவ்வொன்றையும் இந்த நாட்களில் முடித்துத் தர வேண்டும். 11 கணக்குகளின் புதுப்பிப்பு ஆவணங்கள் கோப்பில் சேர்ந்தனவா, நான்கு நிலுவைக் கணக்குகளின் குறிப்பை அடுத்தவர் படித்துக் கையெழுத்திட்டாரா என்று கிளை மேலாளர் பார்ப்பார். ஓசூர் மேலாளர் நகைப் பெட்டகத்துக்குக் கூட்டுப் பொறுப்பாளராகவும் இருந்தால், அடகு நகைப் பைகளை எண்ணிச் சரிபார்த்து, பதிவேட்டில் இருவரும் கையெழுத்திட்டு, சாவியை ஒப்படைக்க வேண்டும். அதன்பின் விடுவிப்பு ஆணையும் கடைசிச் சம்பளச் சான்றும் கைக்கு வரும். அவற்றோடு புதிய கிளையில் சேர்ந்ததும் அங்கே தரும் பணியேற்பு அறிக்கை, இந்தக் கோப்பில் சேரும் கடைசித் தாள்.